சுமதிக்கு, கடை திறந்த நாளில்

சுமதி, மனசு நிறைய வாழ்த்துகள் டி. காலையில் வந்தவர்களுக்கு எல்லாம் சந்தனமும் கற்கண்டும் நீட்டிக்கொண்டு நீ ஓடிய ஓட்டத்தில் உன்னோடு நின்று நாலு வார்த்தை பேச முடியவில்லை, புதுச்சேரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொல்ல நினைத்தது எல்லாம் வரிசையாக வந்தது. அதனால் இது நீளமாகத்தான் இருக்கும். கடையைப் பூட்டி, சாப்பிட்டு, காலை நீட்டி உட்கார்ந்த பிறகு படி.

முதலில் அந்த போர்டு. தையல் சாமான் கடைக்கு உன் பேரையே போட்டுவிட்டாய் பார், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாமி பேர் வைக்கலாம், பிள்ளை பேர் வைக்கலாம் என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள் என்றாய். ஆனால் இத்தனை வருஷம் வேறு ஒருவருடைய ஜவுளிக்கடையில், மேட்சிங் பிளவுஸ் கவுன்ட்டரில், உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லாமல் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றவள் நீ. அங்கே வந்த பெண்கள் கடை பேரைச் சொல்லி வரவில்லை, 'அந்த சுமதி அக்கா இருக்காங்களா' என்று கேட்டுத்தான் வந்தார்கள், அதை நானே நின்று கேட்டிருக்கிறேன். அந்தப் பேர் பலகையில் ஏறுவது நியாயம்தான்.

இன்றைக்கு முதல் போணி யார் பண்ணியது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கடலூர் முதுநகரிலிருந்து வந்த அந்த வயசான டெய்லர். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு துணியை எடுத்து, இதுக்கு நூல் வேணும்மா என்றார். நீ அந்தத் துணியை டியூப்லைட்டுக்கு அடியில் பார்க்கவே இல்லை, நேராக வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்து, பச்சை மாதிரி தெரிகிறது ஆனால் நீலம் ஓடுகிறது என்று சொல்லி, உள்ளே வந்து மூன்று நூல்கண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அதில் ஒன்றை அவர் கையில் கொடுத்தாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் ரெண்டு கண்டு சேர்த்துக் கொடுங்க என்றார். பக்கத்தில் தேங்காய் மூடியோடு நின்றுகொண்டிருந்த எனக்கு அந்த நிமிஷமே தைரியம் வந்துவிட்டது, இந்தக் கடை நிற்கும் என்று. முப்பது வருஷம் மெஷின் மிதித்தவருக்குத் தெரியும், யாருக்கு நிறம் தெரியும், யாருக்குத் தெரியாது என்று. நாளைக்கு அவர் டீக்கடையில் நாலு டெய்லரிடம் சொல்லுவார். நோட்டீஸ் அடித்து விநியோகம் பண்ணாலும் அந்த மாதிரி போய்ச் சேராது.

உன் கொழுந்தனார் சொன்னது உன் மனதில் முள்ளாக இருக்கிறது, எனக்குத் தெரியும். எல்லாம்தான் போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறதே, நூலுக்கும் பட்டனுக்கும் யார் கடைக்கு வருவார்கள் என்று கேட்டார் இல்லையா. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஆனால் தையல் வேலை எப்படி நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. போன் திரையில் தெரிகிற மெரூன் வேறு, வந்து சேருகிற மெரூன் வேறு. சாயங்காலம் நிச்சயதார்த்தம், பிளவுஸுக்கு ஹூக் தீர்ந்துவிட்டது, கஸ்டமர் வாசலில் நிற்கிறாள் என்றால் எந்த டெய்லரும் மூன்று நாள் பார்சலுக்குக் காத்திருக்க மாட்டாள், பொடிப் பையனை அனுப்பி உன் கடையில்தான் வாங்குவாள். டூ பை டூ துணியை விரலில் தேய்த்துப் பார்க்காமல் வாங்குகிறவர் யார்? லைனிங் துணி தண்ணீரில் போட்டால் எவ்வளவு சுருங்கும் என்று நீ சொல்லி அனுப்புவாயே, அதை எந்த ஆப் சொல்லும்? பத்து ரூபாய்ப் பொருளோடு அந்தப் புத்தியையும் சேர்த்துக் கொடுக்கிறாய், அதற்காகத்தான் உன்னிடம் வருவார்கள்.

இடமும் நல்ல இடம் டி. வாடகை கொஞ்சம் அதிகம் என்று நீ தயங்கினாய், நான் அன்றைக்கே சொன்னேன், திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஸ்டாண்டுக்கும் ரயிலடிக்கும் நடக்கிற தூரத்தில் எட்டுக்குப் பத்து அடி கிடைப்பது சும்மா இல்லை. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் எல்லாம் அங்கேதானே இறங்குகிறார்கள். பாடலீஸ்வரர் கோவிலில் கல்யாணம் என்றால் கடைசி நிமிஷத்தில் ஒரு குஞ்சமோ சேஃப்டி பின்னோ தேடி யாராவது ஓடிவராமல் இருக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒன்று. ஆவணியில் திறந்திருக்கிறாய், முகூர்த்த மாசம், அடுத்து தீபாவளித் தையல். இந்த ரெண்டு மூன்று மாசம் உனக்கு மூச்சு விட நேரம் இருக்காது, கல்லா நிறைவது மாதிரியே தெரியும். அதைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டுவிடாதே. தீபாவளி முடிந்ததும் மழை, மார்கழியில் கல்யாணம் கிடையாது, மத்தியான நேரத்தில் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்காத நாள் வரும். அப்போது 'தப்புப் பண்ணிட்டேனோ' என்று ராத்திரியில் உட்கார்ந்து அழக்கூடாது, சொல்லிவிட்டேன். அது உன் கடையின் குறை இல்லை, தொழிலின் ஓட்டமே அப்படி. தை பிறந்ததும் முகூர்த்தம் வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா பக்கம் கையில் காசு ஓடாது, அங்கிருந்து வருகிற வியாபாரம் அந்த ரெண்டு மாசம் இளைக்கும். ஆனால் அதே நேரத்தில்தான் ஸ்கூல் யூனிஃபார்ம் தையல், வெள்ளை நூலும் நேவி ப்ளூ நூலும் பேன்ட் ஹூக்கும் ஜிப்பும் மூட்டை மூட்டையாகப் போகும், அதை ஏப்ரலிலேயே வாங்கி வைத்துக்கொள். ஒரு வருஷம் முழுசாகச் சுற்றி வந்தால்தான் கடை எப்படிப் போகிறது என்று சொல்ல முடியும். அதுவரை யார் என்ன கேட்டாலும், நீயே உன்னைக் கேட்டாலும், 'பார்க்கலாம்' என்பதே பதில்.

மழை என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது, கீழ்த்தட்டில் லைனிங் பண்டலை அடுக்கியிருக்கிறாய், காலையில் பார்த்தேன். தயவுசெய்து அதை மேலே ஏற்று. நம்ம ஊரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் அடித்து ஓய்ந்தது என்று நினைத்த பிறகு தென்பெண்ணையில் வந்த தண்ணீர், ஒவ்வொன்றிலும் சின்னக் கடைக்காரர்கள்தான் சரக்கை வாரி ரோட்டில் காயப் போட்டார்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் அடித்தட்டைக் காலி பண்ணி, அங்கே நனைந்தாலும் கெடாத பிளாஸ்டிக் பட்டன் டப்பாக்களை வை. துணியும் லேஸும் இடுப்புக்கு மேலே.

சங்கிலியை அடகு வைத்தது பற்றி நீ யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாய், அதனால் நானும் ஒரு தடவைதான் சொல்லுவேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உன் உழைப்பில் வாங்கிய சங்கிலி, உன் கடைக்காகப் போயிருக்கிறது. வட்டியை மட்டும் மாசாமாசம் தனியாக எடுத்து வைத்துக் கட்டிக்கொண்டே வா, கல்லாப் பணத்தோடு கலக்காதே. வீட்டுச் செலவுக்கு எடுப்பதையும் இவ்வளவு என்று வைத்துக்கொண்டு, நோட்டில் எழுதிவிட்டு எடு, சொந்தக் கடைதானே என்று கல்லாவில் கை போட ஆரம்பித்தால் மாசக் கடைசியில் லாபமா நஷ்டமா என்று உனக்கே தெரியாது. ஜி.எஸ்.டி. பற்றிப் பயப்படாதே, தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவர்களுக்கு வருஷத்துக்கு 40 லட்சம் விற்றுமுதல் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு மட்டும் போட்டுவிடு, அது இலவசம், அரசு இணையதளத்தில் ஆதார் வைத்து நாமே பதிந்துவிடலாம், நான் வரும்போது உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். காசு கேட்கிறவர்களிடம் போகாதே.

கடன் கேட்பார்கள். நீ இளகிய மனசுக்காரி, 'நாளைக்குத் தரேன் அக்கா' என்றால் தலையை ஆட்டிவிடுவாய். ரெகுலராக வருகிற டெய்லர்களுக்குக் கொடு, கொடுக்காமல் இந்தத் தொழில் நடக்காது, ஆனால் சனிக்கிழமை கணக்கு முடிக்கணும் என்று முதல் வாரமே சிரித்த முகத்தோடு சொல்லிவிடு. முதல் வாரம் சொன்னால் அது கடையின் வழக்கம் ஆகிவிடும், மூன்று மாசம் கழித்துச் சொன்னால் மனஸ்தாபம். சொந்தக்காரர்களிடமும் இதே பேச்சுதான், அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லு.

உன் அம்மா இன்றைக்கு ஒரு ஓரமாக உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், கவனித்தாயா? நான் காபி கொடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அவ உட்கார்ந்து வேலை பார்க்கிறாடி' என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். அதற்குள் எல்லாம் இருந்தது சுமதி. நீ வாங்கிப் போட்ட அந்தச் சுழல் நாற்காலியைத் தினமும் பயன்படுத்து, பழைய பழக்கத்தில் நின்றுகொண்டே இருக்காதே, உன் முழங்காலுக்கு அது தேவை.

நிறத்தைப் பார்க்கிற கண்ணும், துணியைத் தொட்டதும் சொல்கிற விரலும், வந்தவரின் அவசரம் புரிகிற மனசும் உனக்கு இருக்கிறது. அதையெல்லாம் நீ யாரிடமும் கடன் வாங்கவில்லை, யாரும் திருப்பிக் கேட்கவும் முடியாது. வியாபாரம் மந்தமான நாளில் எனக்குப் போன் பண்ணு, நல்லா ஓடிய நாளிலும் பண்ணு. எனக்கு ரெண்டுமே கேட்கணும்.

சரி, இப்போது என் ஆர்டர். அண்ணி பொண்ணுக்கு ஐப்பசியில் கல்யாணம், ஆறு பிளவுஸ் தைக்கணும். நல்ல காட்டன் லைனிங், புடவை எல்லாவற்றுக்கும் ஃபால்ஸ், மாம்பழ மஞ்சளுக்கும் கிளிப்பச்சைக்கும் பைப்பிங் துணி, நூல், ஹூக். வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் நானும் புடவைகளோடு பதினோரு மணிக்குள் வந்துவிடுகிறோம், வெயில் நன்றாக இருக்கும்போதே நீ மேட்சிங் பார்க்கலாம். பில் போட்டு முழு விலை வாங்கணும், ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. குறைத்தால் அண்ணியிடம் சொல்லி அடுத்த கடைக்குக் கூட்டிப்போய்விடுவேன்.