மகிக்கு, ஒன்பதாவது பிறந்தநாள் கடிதம்
(9-8-2034 அன்று பிரிக்க)

சைதாப்பேட்டை, சென்னை
9-8-2025, சனிக்கிழமை, இரவு 9.20

அன்பு மகி,

பெட்டியில் இது ஒன்பதாவது கவர். பெட்டி என்றால் உனக்குத் தெரியும், பரண் மேல் இருக்கிற ஆயாவோட ட்ரங்குப் பெட்டி. உள்ளே என்ன என்று நீ கேட்டால் "இன்ஷூரன்ஸ் பேப்பர்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். மூன்றாவது கடிதம் முழுக்கத் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்ற கதை. நான்காவது ஊரடங்கு, கேக்குக்குப் பதில் அம்மா இட்லித் தட்டில் ஏதோ செய்தாள். அதையெல்லாம் அந்தந்தக் கவரில் படித்துக்கொள்.

முதலில் வழக்கமான கணக்கு. உயரம் 128 செ.மீ., கதவு நிலையில் பென்சில் கோடு போட்டாச்சு. கோடு போடும்போது குதிகாலைத் தூக்கினாய், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு நீ இறங்கியதும் போட்டேன். இந்த வருஷம் விழுந்த பல் மூன்று. பிடித்தது ஆயா வைக்கும் வஞ்சிரம் குழம்பு, பிடிக்காதது பீர்க்கங்காய், அதில் மாற்றமே இல்லை. தெருமுனையில் டீ 15 ரூபாய். நீ பெரியவளாகி இதைப் படிக்கும்போது சிரிப்பாய் என்றுதான் விலையை எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை என்பதால் சாக்லேட் கொடுக்கும் வேலை நேற்றே வகுப்பில் முடிந்தது. நான்கு மிச்சம். ஒன்றை ஆயா தலையணைக்கு அடியில் ஒளித்திருக்கிறாள், சர்க்கரையை வைத்துக்கொண்டு.

அப்புறம் செஸ். இந்த வருஷம் அதுதான்.

உன் ஆறாவது பிறந்தநாள் சமயம் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்கள். ஊரெல்லாம் வேட்டி கட்டின குதிரை, 'தம்பி'. அதைப் பார்க்கிற இடத்தில் எல்லாம் நின்று போட்டோ எடுக்கச் சொன்னாய். விளையாட்டு தெரிவதற்கு முன்பே உனக்குக் குதிரையைப் பிடித்துப்போனது அப்படித்தான். போன டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரெனை ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். பதினெட்டு வயசு. நம்ம ஊர்ப் பையன் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். நீ மட்டும், "அப்பா, அழுதுக்கிட்டே காயெல்லாம் திரும்ப அடுக்கறாருப்பா" என்றாய். அன்றிலிருந்து நீயும் தோற்றாலும் ஜெயித்தாலும் காய்களை அடுக்கிவிட்டுத்தான் எழுந்திருக்கிறாய்.

இந்த வருஷம் எழுத வேண்டியது ஒன்றே ஒன்று. அதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவு நேரம் பல்லையும் பீர்க்கங்காயையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மே மாதம், கத்திரி வெயில். தாம்பரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் டோர்னமென்ட். எட்டு ரவுண்டு, ஏழு முடிந்து உனக்கு ஐந்து புள்ளி. கடைசியில் ஜெயித்தால் கோப்பை. பெற்றோரை உள்ளே விட மாட்டார்கள். வாசலில் நான் அடுத்தவர்களிடம் உன் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தாய், கையில் ஸ்கோர் ஷீட், முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. "தோத்துட்டேன்பா. காயெல்லாம் அடுக்கி வெச்சிட்டுதான் வந்தேன்."

வண்டியில் வரும்போது பின்னாலிருந்து சொன்னாய். குயினை மறைத்துக்கொண்டு ஒரு குதிரை நின்றிருந்தது. அதைத் தூக்க விரல் வைத்துவிட்டாய். வைத்த பிறகுதான், எடுத்தால் குயின் போய்விடும் என்று தெரிந்தது. தொட்டால் நகர்த்தியே ஆக வேண்டும், நகர்த்திவிட்டாய்.

"எதிர்ல இருந்தவன் பாத்தானா?"

"இல்லப்பா. அவன் வாட்டர் பாட்டிலைத் திறந்துட்டு இருந்தான்."

"ஆர்பிட்டர்?"

"அந்தப் பக்கம் இருந்தாரு."

"அப்ப யாரு பாத்தா? லூசா நீ? கையை எடுத்துக்க வேண்டியதுதானே?"

இதைச் சொன்னது நான்தான். பேங்க்கில் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்து, சாயங்காலம் பத்து ரூபாய் உதைத்தால் ஒன்பது மணி வரை தேடுகிற ஆள். கிண்டி கத்திப்பாரா வருகிற வரை நீ பேசவே இல்லை. என் சட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்து, பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டாய். சின்னமலை சிக்னலில் கரும்புச் சாறு வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாய். கரும்புச் சாற்றை நீ வேண்டாம் என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதன் பிறகும் விளையாடப் போகிறாய். ஆனால் வந்து "வின்", "ட்ரா" என்று ஒரே வார்த்தை. எந்தக் காய், எந்த மூவ் என்று என்னிடம் சொல்வதில்லை. அம்மாவிடம் சொல்கிறாய், அவளுக்கு யானைக்கும் மந்திரிக்கும் வித்தியாசம் தெரியாது. அம்மா என்னிடம், "நீங்களே போய்ப் பேசுங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். ஆகட்டும் ஆகட்டும் என்று மூன்று மாசம் போய்விட்டது. இந்தக் கடிதத்தில் எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். மன்னித்துக்கொள் மகி என்று எழுதி, ஒட்டி, பரணில் ஏற்றிவிடலாம் என்று.

எழுதும்போதுதான் உறைக்கிறது. நீ இதைப் படிக்க இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. ஒன்பது வயசுப் பிள்ளையிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைப் பதினெட்டு வயசுப் பெண்ணிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? உள்ளே லைட் எரிகிறது. நீ இன்னும் தூங்கவில்லை. இரு, வருகிறேன்.

*

மணி 11.05.

சொல்லிவிட்டேன். நான் ஏதோ பெரிதாகப் பேசத் தயார் செய்துகொண்டு போனேன். "அன்னிக்கு அப்பா பேசினது தப்பு. நீ பண்ணதுதான் சரி" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. நீ போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டாய். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்தான். அழுகிறாயோ என்று பார்த்தால், போர்வைக்குள்ளிருந்து குரல்.

"அப்பா, தொட்டதால தோக்கல."

"என்ன?"

"குதிரையை வேற இடத்துல வெச்சிருந்தா செக்குப்பா. அவன் செக்கைப் பாக்கணும்ல, அதுக்குள்ள நான் குயினை எடுத்திருப்பேன். பயத்துல பாக்காம விட்டுட்டேன். வண்டியில வரும்போது அதைத்தான் சொல்ல வந்தேன்."

அதைத்தான் சொல்ல வந்தாயாம்!

அப்புறம் என்ன, போர்டு வந்தது, ஸ்கோர் ஷீட் வந்தது. கட்டிலிலேயே அடுக்கினாய். 23வது மூவ் வரை வேகமாக நகர்த்திக்கொண்டே வந்து, குதிரையில் விரலை வைத்துக்கொண்டு, "இப்ப நீ சொல்லு, எங்க வெக்கணும்?" என்றாய். நான் தப்பாகச் சொன்னேன். "ஐயோ அப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டாய். சரியான கட்டத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று முறை பிடித்தது. ஆயா எழுந்து வந்து, அர்த்தராத்திரியில் என்ன ஆட்டம் என்று திட்டிவிட்டு, சாக்லேட்டைப் பிய்த்து உனக்குப் பாதி கொடுத்தாள்.

ஸ்கோர் ஷீட்டை இந்தக் கவரில் வைக்கட்டுமா என்று கேட்டேன், எதற்கு என்று சொல்லாமல். யோசித்தாய். நாளைக்கு சாரிடம் காட்ட வேண்டுமாம், தர மாட்டேன் என்றுவிட்டாய். அதனால் இந்த வருஷக் கவரில் பல் ஒன்று, பாதி சாக்லேட்டின் காகிதம், இந்தக் கடிதம், அவ்வளவுதான்.

அப்பா