அம்பத்தூர் ஆலை, சி.என்.சி. வரிசை 3: முடிவுற்ற முதலீட்டின் பின்தணிக்கை அறிக்கை

பெறுநர்: மூலதனச் செலவுக் குழு
அனுப்புநர்: உள்தணிக்கைப் பிரிவு, சென்னை
நாள்: 22 ஜூலை 2024
தொகைகள் எல்லாம் லட்சம் ரூபாயில். வரி கழித்த பணவரத்து.

முடிவு முதலில்

2020 டிசம்பரில் குழு ஒப்புக்கொண்ட கணக்குப்படி இந்த வரிசையின் நிகர தற்போதைய மதிப்பு 82.7. மூன்று ஆண்டு உண்மைப் பணவரத்தையும், மிச்சமுள்ள இரண்டு ஆண்டுக்கான புது மதிப்பீட்டையும் அதே 12% தள்ளுபடி விகிதத்தில் போட்டால் கிடைப்பது மைனஸ் 5.0. உள்விளைவு வீதம் 19%-இலிருந்து சுமார் 11.6%-க்கு இறங்கியிருக்கிறது. இருந்தாலும் வரிசையை ஓட்டுவதே லாபம். காரணம் பின்னால் வருகிறது.

ஒப்புதல் குறிப்பில் 82.7 என்ற எண் இருக்காது, 73.9 என்றுதான் இருக்கும். எக்செல் தாளில் முதலீட்டுத் தொகையையும் NPV சூத்திரத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அந்தச் சூத்திரம் முதல் எண்ணை ஓராண்டு கழித்து வரும் பணமாக எடுத்துக்கொள்ளும், அதனால் மொத்தக் கணக்கும் ஓராண்டு தள்ளிப்போய்விட்டது. இருந்ததும் இருந்திருக்க வேண்டியதும்:

```
தவறு:  =NPV(12%,B5:G5)
சரி:   =B5+NPV(12%,C5:G5)
```

நல்லவேளை, இந்தப் பிழை மதிப்பைக் குறைத்துத்தான் காட்டியது, ஒப்புதல் மாறியிருக்காது. இனி வரும் தாள்களில் முதல் வேலையாக இதைப் பாருங்கள். ஒப்பீடு முழுவதும் திருத்திய 82.7-ஐ வைத்தே செய்யப்பட்டுள்ளது.

எண்கள்

| ஆண்டு | கணிப்பு | உண்மை / புது மதிப்பீடு | வித்தியாசத்தின் இன்றைய மதிப்பு |
|---|---|---|---|
| தொடக்கம் (மார்ச் 2021) | −400 | −432 | −32.0 |
| 2021-22 | 90 | 34 | −50.0 |
| 2022-23 | 120 | 101 | −15.1 |
| 2023-24 | 135 | 128 | −5.0 |
| 2024-25 (மதிப்பீடு) | 135 | 138 | +1.9 |
| 2025-26 (மதிப்பீடு) | 220 | 242 | +12.5 |

கடைசி ஆண்டுத் தொகையில் இயந்திர விற்பனை 50-உம், விடுபடும் நடைமுறை மூலதனமும் (கணிப்பில் 40, இப்போது 62) அடக்கம். நடப்பாண்டு மதிப்பீடு ஏப்ரல்–ஜூன் மாதங்களில் உண்மையில் வந்த 35-ஐ அடிப்படையாகக் கொண்டது. இந்த ஜூலையில் 4.83% ஏறிய மின்கட்டணமும் அதில் சேர்ந்திருக்கிறது.

எண்களை எப்படி எடுத்தோம்

லாப நட்டக் கணக்கிலிருந்து எடுக்கவில்லை. வங்கியில் எப்போது பணம் வந்தது, போனது என்பதை வைத்து எடுத்தோம். தேய்மானம் பணமில்லை, ஆனால் அது மிச்சப்படுத்தும் வரி பணம். ஆகவே 15% குறையும் மதிப்பு முறையில் தேய்மானத்தைப் போட்டு, 25.168% வரிவிகிதத்தில் மிச்சமான வரியைச் சேர்த்தோம். உள்ளீட்டு வரவாகத் திரும்பிய ஜி.எஸ்.டி.யை முதலீட்டில் சேர்க்கவில்லை. தலைமை அலுவலகச் செலவின் பங்கையும் ஒதுக்கிவிட்டோம், வரிசை 3 இல்லாவிட்டாலும் அந்தச் சம்பளம் போகத்தான் போகிறது.

ஒரு திருத்தம் பெரியது. 2023-24-இல் 9 லட்சம் ரூபாய்க்கான இன்செர்ட்டும் டிரில்லும் இந்த வரிசையின் செலவு மையத்தில் பதிவாகியிருந்தன. ஸ்டோர்ஸ் இஷ்யூ சீட்டைப் பார்த்தால் சரக்கு போனது வரிசை 2-க்கு. மாற்றியதில் மூன்றாம் ஆண்டுப் பணவரத்து வரிக்குப் பின் 6.7 கூடியது. சீட்டைப் புரட்டாமல் டேலி அறிக்கையை மட்டும் நம்பியிருந்தால் இல்லாத ஒரு தவறுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்போம்.

87.7 எங்கே போனது

*முதலீட்டுத் தொகை (32.0).* இயந்திரத்தில் 14, மற்றவற்றில் 18. ஸ்பிண்டில் புரோப் நான்கு, தலா 2.5, கொட்டேஷனில் அது 'விருப்பத் துணைக்கருவி' என்று தனி வரியில் இருந்தது, முன்மொழிவில் விட்டுப்போனது. இறக்கும் கிரேன், போக்குவரத்து, காப்பீடு சேர்ந்து 4. அடுத்த 18-இல் அதிர்வு தடுக்கும் அடித்தளத்துக்கும் கேபிளுக்கும் 7, அளவீட்டுக் கருவிகளுக்கு 3. மீதி 8 ஃபிக்சருக்கு. நான்கு இயந்திரத்துக்கு இரண்டு செட் ஃபிக்சர் போதும் என்று எழுதியிருக்கிறார்கள். அதே கோப்பில் உள்ள செயல்முறைத் தாள் நான்கு செட் கேட்கிறது.

*தொடங்குவதில் தாமதம் (21.4).* ஏப்ரலில் ஓட வேண்டியது ஆகஸ்டில் ஓடியது. விளக்கக் குறிப்பில் 'கொரோனா' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறார்கள், நாங்கள் ஏற்கவில்லை. 2021 மே 10-இல் தொடங்கிய ஊரடங்கால் நிறுவும் பொறியாளர்கள் வராமல் போனது ஆறு வாரம், அதன் பங்கு 8.0. மீதி 13.4 நம்முடையது: கூடுதல் மின்சுமைக்கான விண்ணப்பம் இயந்திரம் ஆலைக்கு வந்த பிறகுதான் கொடுக்கப்பட்டது. அனுமதி வரும்வரை நான்கு இயந்திரங்களும் தார்ப்பாய் போர்த்தி நின்றன.

*கழிவு (19.0).* கணிப்பில் ஐந்து ஆண்டுக்கும் 1.5%. உண்மையில் முதலாண்டு 7.4%, அடுத்து 5.0%, பிறகு 2.4%. 1.5% என்பது ஒன்பது ஆண்டு பழகிய வரிசை 1-இன் எண். புது வரிசைக்கு முதல் நாளிலிருந்தே அதைப் போட்டது தவறு. ஒரு காய் கழிந்தால் 350 ரூபாய் போகிறது: வார்ப்பு 420, அதுவரை ஆன மெஷினிங் செலவு 60, பழைய இரும்பாக விற்பதில் திரும்புவது 130.

பெரும்பாலான கழிவுக்கு ஒரே காரணம், துளை நீள்வட்டமானது. ஹைட்ராலிக் கிளாம்ப் 60 பாரில் இறுக்கியதால் மெல்லிய சுவர் உள்ளே அமுங்கியது. அந்த நிலையில் துளை சரியாகவே கடைந்தது, கிளாம்ப் விட்டதும் சுவர் பழைய இடத்துக்குத் திரும்பி வட்டம் கெட்டது. இயந்திரத்திலேயே புரோப் வைத்து அளந்தவரை எல்லாக் காயும் 'ஓகே'. கழற்றி அளந்தபோதுதான் 35 மைக்ரான் நீள்வட்டம் தெரிந்தது. ரஃப் கட்டுக்கு 60 பார், ஃபினிஷ் கட்டுக்கு 42 பார் என்று இரண்டு நிலையாகப் பிரித்ததும் 12 மைக்ரானுக்கு வந்தது. இந்த மாற்றம் 2023 பிப்ரவரியில் நடந்தது. அதற்கு முந்தைய பதினெட்டு மாதமும் வார்ப்பாலையோடு கடிதப் போர்.

*விலைக் குறைப்பு (12.6).* விலை 730 ரூபாய், ஐந்தாண்டும் மாறாது என்று கணிப்பு. வாடிக்கையாளர் இரண்டாம் ஆண்டில் 1%, மூன்றாம் ஆண்டில் மேலும் 0.5% குறைத்தார். இந்த நிபந்தனை 2020 நவம்பர் ஒப்பந்த வரைவிலேயே உள்ளது. விற்பனைப் பிரிவுக்குத் தெரியும். தாள் போட்டவருக்குத் தெரியாது.

*நடைமுறை மூலதனம் (நிகரமாக 7.2).* 45 நாளில் பணம் வரும் என்று போட்டது, 56 நாளாகிறது. அதில் முடங்கியது 22. கடைசியில் திரும்பும் என்பதால் இழப்பு இடைப்பட்ட காலத் தாமதத்துக்கு மட்டும். உற்பத்தி கூடியபோது வார்ப்பாலையும் கடன் நாளை நீட்டியது, அதனால் மேற்கொண்டு முடங்கவில்லை.

*மின்கட்டணம் (5.9).* 2022 செப்டம்பர் 10 முதல் உயர் அழுத்தத் தொழிற்சாலை யூனிட் விலை 6.35-இலிருந்து 6.75 ஆனது, கேட்புக் கட்டணம் ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் 350-இலிருந்து 550. வரிசை 3-இன் பங்கான 180 கே.வி.ஏ.வுக்கும் 38,000 யூனிட்டுக்கும் மாதம் 51,200 ரூபாய் கூடியது, அதில் 36,000 கேட்புக் கட்டணம் மட்டும். ஏறிய தேதியும் அளவும் யாரும் கணித்திருக்க முடியாது. ஆனால் 2014-க்குப் பிறகு ஏறாத கட்டணம் இன்னும் ஐந்தாண்டுக்கும் ஏறாது என்று எழுதியது கணிப்பே அல்ல.

*மிக்ஜாம் புயல் (1.4).* 2023 டிசம்பரில் தண்ணீர் புகுந்த மின்பெட்டிகளைச் சரிசெய்ததில் காப்பீடு போக நம் கையிலிருந்து போனது.

*கூடுதல் உற்பத்தி (+10.0).* மூன்றாம் ஆண்டில் 1,20,000-க்குப் பதில் 1,31,000 காய். காய்க்கு 170 ரூபாய் பங்களிப்பு. இதை முன்மொழிந்தவரின் திறமைக் கணக்கில் எழுத வேண்டாம். வாடிக்கையாளரின் இன்னொரு சப்ளையர் விலகியதால் வந்த ஆர்டர் இது. இந்த நல்வாய்ப்பு இல்லாவிட்டால் மைனஸ் 5 என்பது மைனஸ் 15 ஆகியிருக்கும். மேலே உள்ள எல்லாவற்றையும் கூட்டினால் இழப்பு 89.5. 2024-25 மதிப்பீட்டில் கூடும் 1.9-ஐக் கழித்தால், தசமத்தை முழுமையாக்கியதில் வரும் சிறு வித்தியாசம் போக, 87.7 கிடைக்கும்.

ஒப்புதல் தவறா?

இல்லை. அன்றைக்கே நம் கோப்புகளில் இருந்த மூன்று விஷயங்களை, அதாவது ஃபிக்சர் (8), விலைக் குறைப்பு (12.6), வசூல் நாள் (7.2) ஆகியவற்றைச் சேர்த்திருந்தாலும் கணிப்பு 55 அளவில் நின்றிருக்கும். குழு ஒப்புக்கொண்டுதான் இருக்கும். மதிப்பைத் தின்றதில் பெரிய பங்கு, நிறுவும் வேலையை நடத்திய விதத்திலும் முதல் பதினெட்டு மாதக் கழிவிலும் இருக்கிறது.

இப்போது விற்கலாமா?

2024 மார்ச் நிலவரப்படி, தொடர்ந்து ஓட்டினால் வரும் பணத்தின் மதிப்பு 138/1.12 + 242/1.2544 = 316. விற்றால் இயந்திரங்களுக்கு 150, நடைமுறை மூலதனம் 62, ஆக 212. போட்ட 432 இந்தக் கணக்கில் வராது.

அடுத்த முன்மொழிவுகளுக்கு

பொதுவாக 'எல்லாவற்றிலும் 10% குறைத்துப் போடு' என்ற விதியை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. அப்படிச் செய்தால் முன்மொழிபவர்கள் முதலிலேயே 10% ஏற்றி எழுதுவார்கள். இந்த ஒரு வரிசையின் எண்களை எல்லா முதலீட்டுக்கும் அளவுகோலாக்குவதும் சரியல்ல. மெஷினிங் வரிசைகளுக்கு மட்டும் இப்போதைக்குப் பயன்படுத்துங்கள்.

கழிவு: முதலாண்டு 6%, அடுத்து 4%, பிறகு 2%. இதைவிடக் குறைவாகப் போட்டால் ஃபிக்சர் சோதனை அறிக்கை இணைக்கப்பட வேண்டும், காயைக் கழற்றிய பின் எடுத்த அளவோடு. வசூல் நாள் கடனாளிகள் பேரேட்டின் கடைசி 12 மாதச் சராசரியிலிருந்து வர வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதிய நாளைப் போட வேண்டாம். விலை வரியில் விற்பனைப் பிரிவின் கையெழுத்து இல்லாமல் தாள் குழுவுக்கு வரக்கூடாது. மின்சுமை விண்ணப்பத்தின் நகல் இல்லாமல் இயந்திர ஆர்டர் போகக்கூடாது. மின்கட்டணம் மாறாத நிலை ஒன்று, ஆண்டுக்கு 5% ஏறும் நிலை ஒன்று என இரண்டையும் காட்டுங்கள்.

குழுவின் முன் இப்போது உள்ள வரிசை 4 முன்மொழிவிலும் கழிவு 1.5%, வசூல் 45 நாள் என்றே இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பி, திருத்திய தாளை ஆகஸ்ட் 16-க்குள் பெறவும். வரிசை 3-இன் இறுதித் தணிக்கை 2026 ஜூனில். இயந்திர விற்பனை மதிப்பு 50, திரும்பும் மூலதனம் 62 ஆகிய இரண்டும் இன்னும் வெறும் மதிப்பீடுதான், அவற்றை அப்போதுதான் சரிபார்க்க முடியும்.