டெல்லிக் கல்யாணத்துக்கு வர முடியவில்லை, மாப்ள

மாப்ள,

நம்ம அம்மணி கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் கூரியரில் கசங்காமல் அப்படியே இருக்கிறது, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறோம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், தை கடைசி முகூர்த்தத்துக்கு எங்களால் டெல்லி வர முடியாது. போனில் சொன்னால் நீ முழுசாகப் பேச விடமாட்டாய், தங்கச்சி வேறு நடுவில் போனைப் பிடுங்கிக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குப் பண்ணையம் மறந்திருக்காது. காலிங்கராயன் வாய்க்கால் பக்கம் இப்போது மஞ்சள் வெட்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போன ஆட்கள் திரும்பி வந்து, அவர்களைப் பிடித்து, வேக வைக்கிற மிஷின்காரரிடம் முறை வாங்கி வைத்திருக்கிறேன். அந்த முறை சரியாகக் கல்யாண வாரத்தில் விழுகிறது. விட்டால் மிஷின் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும், எப்போது திரும்பும் என்று அவருக்கே தெரியாது. வெட்டிப் போட்ட கிழங்கை ரெண்டு மூணு நாளுக்குள் வேக வைத்தாக வேண்டும், அப்புறம் பத்துப் பதினைந்து நாள் களத்தில் காயணும், ராத்திரி பனிக்கு மூடணும், காலையில் பிரித்துவிடணும். இதை யாரிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறுவது? ஈரோட்டிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் போகவே ரெண்டு நாள், வர ரெண்டு நாள்.

பிளேனில் வாயேன் என்பாய். கோயமுத்தூரிலிருந்து நாலு பேர் போய்வரக் கேட்டுப் பார்த்தேன், அரை லட்சத்தைத் தாண்டுகிறது. மஞ்சள் மண்டிக்குப் போய்க் காசு கைக்கு வர மாசி கடைசியோ பங்குனியோ ஆகும். கையில் இருந்தது மூத்தவன் காலேஜ் ஃபீஸுக்கும் வெட்டுக் கூலிக்கும் போய்விட்டது. இதை உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, வேறு ஒறம்பரை என்றால் உடம்பு சரியில்லை என்று சொல்லியிருப்பேன்.

நீ டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்று போன வாரம் சொன்னாயே, அது வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற வீட்டில் ஒவ்வொரு ரூபாய்க்கும் நாலு செலவு காத்திருக்கும், அதில் எங்கள் நாலு பேர் டிக்கெட்டையும் சேர்த்து ஏற்றினால் எனக்குப் பந்தியில் சோறு இறங்காது. அதோடு மிஷின் முறையை உன்னால் டெல்லியிலிருந்து மாற்ற முடியாதே. எங்களுக்கு எடுத்த ரூமை இன்றைக்கே விட்டுவிடு, சமையல்காரரிடம் சொன்ன இலைக் கணக்கிலும் குறைத்துவிடு. வந்தாலும் வருவான் என்று வைத்திருக்காதே.

மங்கல வாழ்த்துப் பாட ஊரிலிருந்தே ஆள் கூட்டிப் போகிறீர்களாம், உன் அண்ணன் சொன்னார். கேட்கவே நன்றாக இருந்தது. அங்கே ஹால்காரன் மணியைக் காட்டி அவசரப்படுத்துவான், பாட்டை மட்டும் பாதியில் வெட்ட விட்டுவிடாதே. அந்த நேரம் யாராவது ஒரு பையனிடம் வீடியோ கால் போடச் சொல், களத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறோம். அம்மாவுக்குக் கண் மங்கல், ஆனால் வாழ்த்து காதில் விழுந்தால் போதும் என்கிறது. அம்மணியைத் தூக்கி வளர்த்த கை அல்லவா, ஒவ்வொரு கோடை லீவுக்கும் இங்கேதானே கிடந்தாள்.

மொய்க் கவரும், போன வருசம் எடுத்து வைத்த விரலி மஞ்சளில் தாலிக்கயிற்றுக்கும் சீர்த் தட்டுக்கும் போதுமான அளவும் உன் அண்ணன் கையில் கொடுத்துவிடுகிறேன். கவரைத் திருப்பி அனுப்புகிற வேலை வைத்துக்கொள்ளாதே, என் சின்னத் தங்கச்சி கல்யாணத்தில் நீ எழுதியது நோட்டில் அப்படியே இருக்கிறது.

குலதெய்வம் கும்பிடப் பொண்ணு மாப்பிள்ளையோடு பங்குனியில் வருவீர்கள்தானே. அப்போது முதல் விருந்து எங்கள் வீட்டில், உன் பங்காளிகள் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடாதே. நாட்டுக்கோழியும் சந்தகையும் செய்வதாக வீட்டில் இப்போதே முடிவு பண்ணியாகிவிட்டது. மாப்பிள்ளை காரம் தாங்குவாரா என்று மட்டும் அம்மணியிடம் கேட்டுச் சொல்.

அம்மணியிடம் நானே தனியாகப் பேசுகிறேன், நீ முந்திக்கொண்டு மாமா வரவில்லை என்று சொல்லி அழ வைக்காதே. தங்கச்சி திட்டினால் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

உன் அண்ணன் என்றைக்கு ரயில் ஏறுகிறார்? முதல் நாள் சாயங்காலம் ஈரோடு வந்து பையைக் கொடுத்துவிடுகிறேன்.