பெட்டி கேஷ் ஈடுசெய்யக் கோரிக்கை: ஜூன் 2 முதல் 23 வரை (திருத்திய படி)

நாள்: 24.06.2025

பெறுநர்: கணக்கு அலுவலர், கணக்குப் பிரிவு
அனுப்புநர்: அலுவலக உதவியாளர் (பெட்டி கேஷ் பொறுப்பு), நிர்வாகப் பிரிவு

பொருள்: பெட்டி கேஷ் நிதிக்கு ரூ. 9,825 ஈடுசெய்தல், வவுச்சர் எண் 41 முதல் 55 வரை

வணக்கம் மேடம்,

ஜூன் 2 முதல் 23 வரை பெட்டி கேஷிலிருந்து செலவான ரூ. 9,825-ஐ ஈடுசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நேற்று "பத்தாயிரம் தேவை" என்று அனுப்பிய குறிப்புக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை ரத்து செய்துவிட்டால் நல்லது. இரண்டும் உங்கள் மேசையில் இருந்தால் இரண்டுக்கும் பணம் போய்விட வாய்ப்பு உண்டு. பத்தாயிரம் என்பது ஒரு மதிப்பீடு. இப்போது கேட்பது வவுச்சர்களின் சரியான கூட்டுத்தொகை.

நிதியின் நிலையான அளவு ரூ. 15,000. கையிருப்பு ஐந்தாயிரத்துக்குக் கீழே வந்தால் கோரிக்கை அனுப்புவது நம் வழக்கம். நேற்று மாலை அது ரூ. 4,665 ஆகிவிட்டது.

உங்கள் பதிவுக்கு எளிதாக இருக்கும் என்பதால் வவுச்சர்களைத் தேதி வரிசையில் போடாமல் கணக்குத் தலைப்பு வாரியாக அடுக்கியிருக்கிறேன். கோப்பில் உள்ள அசல் வவுச்சர்கள் எண் வரிசையிலேயே இருக்கும்.

| வவுச்சர் | தேதி | விவரம் | தொகை (ரூ.) | ஆதாரம் |
|---|---|---|---|---|
| எழுதுபொருள், அச்சு, நகல் | | | | |
| 42 | 03.06 | ஏ4 தாள் 2 ரீம், கோப்பு அட்டைகள் | 1,165 | பில் |
| 46 | 10.06 | பிரிண்டர் மை | 1,290 | பில் |
| 53 | 18.06 | நகல், பைண்டிங் | 720 | பில் |
| | | தலைப்பின் கூட்டு | 3,175 | |
| பழுதுபார்ப்பு | | | | |
| 44 | 06.06 | கழிவறைக் குழாய் மாற்றியது | 1,480 | பில், கூலி ரசீது |
| 50 | 13.06 | அலமாரிப் பூட்டு, மாற்றுச் சாவி | 530 | பில் |
| 52 | 17.06 | விளக்கு, சுவிட்ச் | 875 | பில் |
| | | தலைப்பின் கூட்டு | 2,885 | |
| துப்புரவு, குடிநீர் | | | | |
| 45 | 09.06 | துப்புரவுப் பொருட்கள் | 795 | பில் |
| 54 | 20.06 | குடிநீர்க் கேன்கள் | 640 | பில் |
| | | தலைப்பின் கூட்டு | 1,435 | |
| தபால், கூரியர் | | | | |
| 41 | 02.06 | ஒப்பந்த ஆவணங்கள், கூரியர் | 340 | ரசீது |
| 49 | 12.06 | விரைவுத் தபால் | 285 | ரசீது |
| 55 | 23.06 | கூரியர், இரண்டு உறைகள் | 415 | ரசீது |
| | | தலைப்பின் கூட்டு | 1,040 | |
| உள்ளூர்ப் பயணம் | | | | |
| 43 | 04.06 | வங்கிக்குப் போய்வர வண்டி வாடகை | 220 | கையெழுத்திட்ட குறிப்பு |
| 51 | 16.06 | கணினியைப் பழுதுபார்க்கக் கொண்டுபோக வண்டி வாடகை | 460 | கையெழுத்திட்ட குறிப்பு |
| | | தலைப்பின் கூட்டு | 680 | |
| கூட்டச் செலவு | | | | |
| 47 | 11.06 | தணிக்கையாளர் கூட்டத்துக்குத் தேநீர், தண்ணீர் | 610 | பில் |
| மொத்தம் | | 14 வவுச்சர்கள் | 9,825 | |

சில வவுச்சர்களுக்கு விளக்கம் தேவைப்படும்.

வவுச்சர் 44: குழாயும் வாஷரும் வாங்கியது ரூ. 880, அதற்குக் கடை பில் இருக்கிறது. மீதி ரூ. 600 கூலி. வேலை செய்தவரிடம் அச்சிட்ட பில் கிடையாது. பெயர், கைபேசி எண்ணோடு அவர் கையெழுத்துப் போட்ட ரசீதை இணைத்திருக்கிறேன். வேலை முடிந்ததைப் பார்த்து நிர்வாக அலுவலரும் அதில் கையெழுத்திட்டுள்ளார்.

வவுச்சர் 47: கூட்டினால் இடிக்கும் இடம் இதுதான். பில்லில் ரூ. 690 என்று இருக்கும், வவுச்சரில் ரூ. 610 மட்டுமே. மீதி ரூ. 80-க்கு ஒருவர் தனக்காக வாங்கிக்கொண்டார், அந்தப் பணத்தை அங்கேயே தன் கையிலிருந்து கொடுத்துவிட்டார். பில்லில் அந்த வரியை வட்டமிட்டிருக்கிறேன்.

வவுச்சர் 48: ரத்து. தொகை தவறாக எழுதப்பட்டதால் குறுக்கே கோடிட்டு, அசலையும் அடிக்கட்டையையும் சேர்த்தே கோப்பில் வைத்திருக்கிறேன். 41 முதல் 55 வரை பதினைந்து எண்கள் இருந்தும் வவுச்சர் பதினான்கே வருவது இதனால்தான். அதே செலவு வவுச்சர் 49-ல் சரியான தொகையில் வருகிறது.

வவுச்சர் 43, 51: வண்டிக்கு ரசீது கிடைக்கவில்லை. பயணம் செய்தவர் எங்கிருந்து எங்கே, எதற்கு என்று எழுதிக் கையெழுத்திட்டுள்ளார்.

தபால், கூரியர் ரசீதுகள் வெப்ப அச்சில் வந்தவை. தணிக்கைக்கு எடுக்கும்போது அவை வெறும் வெள்ளைத் தாளாகியிருக்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து அசலின் பின்னால் வைத்துப் பின் செய்திருக்கிறேன்.

நிதியின் நிலை, 23.06.2025 மாலை

கையிருப்பு ரொக்கம்: ரூ. 4,665
ஓட்டுநரிடம் உள்ள தற்காலிக முன்பணம்: ரூ. 500
வவுச்சர்கள்: ரூ. 9,825
குறைவு: ரூ. 10
மொத்தம்: ரூ. 15,000

ரொக்கத்தை நிர்வாக அலுவலர் முன்னிலையில் எண்ணினேன்: 500 ரூபாய் 7, நூறு 9, ஐம்பது 4, இருபது 2, பத்து 2, நாணயமாக 5 ரூபாய். இரண்டு முறை எண்ணியும் பத்து ரூபாய் குறைகிறது. சில்லறை கொடுத்து வாங்கியதில் போயிருக்கலாம், ஆனால் எந்த வவுச்சரில் என்று என்னால் சொல்ல முடியாது. ஏதாவது ஒரு செலவில் பத்து ரூபாயைக் கூட்டிச் சரிக்கட்ட எனக்கு விருப்பமில்லை. இந்தக் கோரிக்கையிலும் அதைச் சேர்க்கவில்லை. குறைவாகப் பதிவதா, நான் கட்டிவிடுவதா என்று நீங்கள் சொல்வதுபோல் செய்கிறேன்.

ஓட்டுநரிடம் உள்ள ரூ. 500-க்கு அவர் கையெழுத்திட்ட சீட்டு பெட்டியில் இருக்கிறது. வண்டியின் டயர் பஞ்சருக்காக நேற்று மாலை கொடுத்தது. அவர் பில் கொண்டுவந்ததும் வவுச்சர் 56 ஆக அடுத்த கோரிக்கையில் வரும். பில் இல்லாததால் இப்போது அதைச் செலவாகக் காட்டவில்லை.

பதிவைப் பொறுத்தவரை, மேலே உள்ள ஆறு தலைப்புகளில் பற்று, வங்கியில் வரவு. நிதியின் அளவு மாறவில்லை என்பதால் பெட்டி கேஷ் கணக்கைத் தொட வேண்டியதில்லை. இந்தச் செலவுகள் ஈடுசெய்யும்போதுதான் பேரேட்டுக்கு வருகின்றன, அதனால் 30-ஆம் தேதிக்குள் பதிவானால்தான் ஜூன் மாதச் செலவில் சேரும். வியாழன் (26.06) அன்று பணம் கிடைத்தால் வசதி. வெள்ளிக்கிழமை மாத இறுதிக் கூரியர்கள் போக வேண்டும்.

முடிந்தால் ஐந்நூறு ரூபாய் நோட்டு பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். மீதியை நூறு, ஐம்பது, இருபது, பத்து என்று கலந்து கொடுங்கள். பெரிய நோட்டுக்குச் சில்லறை தேடித்தான் பாதி நேரம் போகிறது.

அப்புறம் ஒன்று. பிரிண்டர் மை ஒவ்வொரு மாதமும் பெட்டி கேஷில் வந்துகொண்டிருக்கிறது. எப்படியும் வாங்கப்போவது தெரிந்த பொருள்தான், அதைக் கொள்முதல் பிரிவு வழியாக மொத்தமாக வாங்கலாம் என்று தோன்றுகிறது. நிதியின் அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டிய தேவையும் வராது. உங்களுக்குச் சரி என்றால் தனிக் குறிப்பாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அலுவலக உதவியாளர், நிர்வாகப் பிரிவு

சரிபார்த்தவர்: நிர்வாக அலுவலர், 24.06.2025

இணைப்பு: வவுச்சர்கள் 41 முதல் 55 வரை (48 ரத்து), பில்கள், ரசீதுகள், பெட்டி கேஷ் புத்தகத்தின் ஜூன் மாதப் பக்கங்களின் நகல், ரொக்கம் எண்ணிய சீட்டு, ஓட்டுநரின் முன்பணச் சீட்டின் நகல்.