பில்லில் பெயர், முகவரி திருத்தக் கோரும் கடிதம் (திருத்திய வடிவம்)

தம்பி,

உன் வரைவைப் படித்தேன். சொல்ல வேண்டியது எல்லாம் இருக்கிறது, ஆனால் முதல் வரியிலேயே கோபம் வந்து உட்கார்ந்துவிட்டது. "மூன்று தடவை போனில் சொல்லியும் கண்டுகொள்ளவில்லை" என்பதை எடுத்துவிட்டேன். போனில் சொன்னதற்கு நம்மிடம் எழுத்தில் எதுவும் இல்லை. அதுவும் போக, நாம் ஆர்டர் அனுப்பிய மெயிலின் அடியில் கிடங்கு முகவரிதான் இருந்தது, பார்த்தாயா? பாதித் தவறு நம் பக்கம். அப்புறம், "ஆவன செய்யவும்" என்று முடித்திருந்தாய். என்ன செய்வது என்பதை அவர்களிடமே விட்டால், பழைய பில்லில் பேனாவால் அடித்து எழுதி, மேலே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்து அனுப்பிவிடுவார்கள். அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். கீழே இருப்பதை அப்படியே இன்றைக்கே அனுப்பிவிடு. இணைப்புகளை மறந்துவிடாதே.

பொருள்: வரி இன்வாய்ஸ் எண் 1187, 1203: பில் பெறுபவர் பெயர், முகவரி திருத்தம்

பில்லிங் பிரிவினருக்கு,

வணக்கம். மார்ச் 11, மார்ச் 19 ஆகிய தேதிகளில் நீங்கள் அனுப்பிய அட்டைப்பெட்டிகள் எண்ணிக்கை குறையாமல், சேதமில்லாமல் வந்து சேர்ந்தன. சரக்கிலோ விலையிலோ வரிக் கணக்கிலோ எந்தக் குறையும் இல்லை. அவற்றுக்கான இரண்டு இன்வாய்ஸ்களிலும் "பில் பெறுபவர்" பகுதியை மட்டும் திருத்தித் தர வேண்டுகிறோம்.

இப்போது அச்சாகியிருப்பது:
தளிர் ஸ்டோர்ஸ்
கிடங்கு எண் 3, ரயில் நிலையப் பின் தெரு

இருக்க வேண்டியது:
தளிர் வீட்டுப்பொருள் வணிகம் பிரைவேட் லிமிடெட்
கதவு எண் 42, இரண்டாம் தளம், நூலகத் தெரு

ஊர், அஞ்சல் குறியீடு, எங்கள் வரிப் பதிவு எண் ஆகிய மூன்றும் சரியாகவே உள்ளன. அவற்றை மாற்ற வேண்டாம். "சரக்கு சேரும் இடம்" என்ற பகுதியில் கிடங்கு முகவரி அப்படியே இருக்கட்டும். பெட்டிகள் இனியும் அங்கேதான் வர வேண்டும்.

"தளிர் ஸ்டோர்ஸ்" என்பது எங்கள் கடைப் பலகையில் உள்ள பெயர். வரிப் பதிவு நிறுவனத்தின் முழுப் பெயரில் இருக்கிறது. இன்வாய்ஸில் பதிவு எண் ஒருவருடையதாகவும் பெயர் வேறொருவருடையதாகவும் தெரிந்தால், இந்தக் கொள்முதலுக்கு நாங்கள் கட்டிய வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளும்போது தணிக்கையில் கேள்வி வரும். எங்கள் ஆர்டர் மெயிலின் அடியில் கடைப் பெயரும் கிடங்கு முகவரியும் இருந்ததுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். அதற்கு வருந்துகிறோம். அந்த மெயில் கையொப்பத்தை மாற்றிவிட்டோம்.

பழைய இன்வாய்ஸ்களை ரத்து செய்து புதிதாகத் தருவதா, அவற்றுக்கு கிரெடிட் நோட் போட்டுவிட்டுப் புது எண்ணில் தருவதா என்பது உங்கள் கணக்கு முறைக்கும் வரி விதிக்கும் எது பொருந்துமோ அதன்படி இருக்கட்டும். எந்த வழியானாலும், புது ஆவணத்தில் பழைய இன்வாய்ஸ் எண்ணும் தேதியும் குறிப்பிட்டிருந்தால் இரு தரப்புக் கணக்கும் எளிதாக ஒத்துப்போகும். அச்சான பில்லின் மேல் கையால் திருத்தியதை எங்கள் தணிக்கையாளர் ஏற்பதில்லை.

மாதக் கணக்கை 31ஆம் தேதி முடிக்கிறோம். மார்ச் 28க்குள் திருத்திய இன்வாய்ஸ்கள் கிடைத்தால் இந்த மாதக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம். அதற்குள் முடியாது என்றால், எந்தத் தேதியில் கிடைக்கும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இந்தத் திருத்தத்தைக் காரணம் காட்டிப் பணத்தைத் தள்ளிப்போடப் போவதில்லை. இரண்டுக்கும் பழைய இன்வாய்ஸ் தேதியிலிருந்தே 30 நாள் கணக்கிட்டு, அந்தந்தத் தவணை நாளில் செலுத்திவிடுவோம்.

இன்னும் ஒன்று. உங்கள் கணினியில் எங்கள் வாடிக்கையாளர் விவரத்தையும் இதேபோல் மாற்றிவிடுங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் அடுத்த ஆர்டர் அனுப்ப இருக்கிறோம். அந்த பில்லும் பழைய பெயரில் வந்துவிடக் கூடாது.

இரண்டு இன்வாய்ஸ்களின் நகல்களையும், பெயரும் முகவரியும் தெரியும்படி எங்கள் வரிப் பதிவுச் சான்றிதழின் நகலையும் இணைத்துள்ளோம். ஏதாவது விவரம் தேவைப்பட்டால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு
தளிர் வீட்டுப்பொருள் வணிகம் பிரைவேட் லிமிடெட்