கரை சுத்தமானது, தண்ணீர் இன்னும் ஆகவில்லை
6 ஞாயிறு, 1 கி.மீ. ஆற்றங்கரை, 24 மாணவர்கள், 412 கிலோ குப்பை

கையில் சிக்கியது என்ன?
(படம் 1: கிடைமட்டப் பட்டை வரைபடம், எண்ணிக்கையில்)
சிறு பிளாஸ்டிக் உறைகள் 1,840 | பைகள் 1,120 | பாட்டில்கள் 610 | கப்புகள் 430
எடையை வைத்து வரிசைப்படுத்தியிருந்தால் நனைந்த துணிதான் முதலிடம் பிடித்திருக்கும். அதனால்தான் எண்ணினோம். உறைகளில் பல அடுக்குகள் ஒட்டியிருப்பதால் மறுசுழற்சி கடினம். பழைய பொருள் கடைகளும் வாங்குவதில்லை.

குப்பை திரும்பி வந்தது, ஒரு பக்கமாக
(படம் 2: கோட்டு வரைபடம், 100 மீட்டருக்கு எத்தனை, வாரவாரியாக)
சுத்தம் செய்த அன்று இரு இடங்களிலும் 40. நான்கு வாரம் கழித்து, கழிவுநீர்க் கால்வாய் சேருமிடத்துக்கு மேலே 65, கீழே 310. சிவப்புக் கோடு ஏறுவதைப் பாருங்கள்.

தண்ணீர்?
கரைந்த ஆக்சிஜன், கால்வாய்க்குக் கீழே: முன்பு லிட்டருக்கு 3.1 மி.கி., பின்பு 3.2. கருவியின் பிழை வரம்பே 0.2, எனவே இதை முன்னேற்றம் என்று சொல்ல மாட்டோம். இதற்கு வரைபடமும் போடவில்லை. சாக்கடையிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தின்கின்றன. பிளாஸ்டிக்கை அள்ளினால் அது மாறாது.

குறை
மழைக்காலத்தில் அளக்கவில்லை. வெள்ளம் வந்தால் கணக்கு மாறலாம்.

இதை மட்டும் நினைவில் வையுங்கள்:
கால்வாய் வாயில் ஒரு தடுப்பு வலை, அடுத்த 6 ஞாயிறுகளை மிச்சப்படுத்தும்.