கார்த்திகைக்கு மறுநாள்

உ
சிவமயம்

பள்ளத்தூர்,
கார்த்திகை மாதம், ரோகிணி.

என்னங்க,

காபியைக் கையில் எடுத்ததும் கணக்கு நோட்டைத் திறப்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் இதை நேற்றைய பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். நல்லெண்ணெய் இவ்வளவு, திரி இவ்வளவு, பொரி இவ்வளவு என்று எழுதத் தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இன்று உங்களுக்கு 63 நிறைகிறது. பிறந்தநாள் வாழ்த்து.

நேரில் சொல்லலாம்தான். சொன்னால் நீங்கள் "சரி, சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முகப்புக்குப் போய்விடுவீர்கள். நானும் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே வந்துவிடுவேன். 1988-இல் இருந்து இப்படியே ஓட்டிவிட்டோம். எழுதிவிட்டால் யாரும் பாதியில் எழுந்து போக முடியாது பாருங்கள்.

ஜூன் மாதம் உங்கள் போனுக்கு பேங்கிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பிறந்தநாள் வாழ்த்து. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது உங்கள் ஐயா வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொல்லிவிட்டு வந்தார்களே, அந்தத் தேதிக்கு. அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று அதைப் படித்துக் காட்டினீர்கள். "பாத்தியா, பேங்க்காரன் ஒருத்தனாவது நான் பொறந்ததை ஞாபகம் வச்சிருக்கான். தேதிதான் தப்பு" என்றீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, வெங்காயம் உரிப்பதைத் தொடர்ந்தேன். நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றீர்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. வழி மறிக்கிறீர்களே என்றுகூடச் சொன்னேன்.

ஐப்பசியில், ஒரு நாள் நீங்கள் காரைக்குடி போயிருந்தபோது, கரண்ட் பில் நம்பர் கேட்டு ஆள் வந்தது. அதைத் தேடித்தான் உங்கள் பழைய நோட்டைப் புரட்டினேன். மற்றபடி நான் உங்கள் கணக்கைப் பார்க்கிறவள் இல்லை, உங்களுக்கே தெரியும். போன கார்த்திகைப் பக்கம் வந்தது. நான் சென்னையில் பெரியவள் பிரசவத்துக்குப் போய் உட்கார்ந்திருந்த கார்த்திகை. "அகல் 64, நல்லெண்ணெய் ஒரு லிட்டர்" என்று எழுதியிருந்தீர்கள். யாருமில்லாத வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று 64 விளக்கையும் ஒற்றை ஆளாக ஏற்றியிருக்கிறீர்கள். மறுநாள் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:

பிள்ளையார்பட்டி. பஸ் 48. அர்ச்சனை 2. பேரன், அவிட்டம். வள்ளி, சுவாதி. காபி 15.

அந்த மறுநாள்தான் உங்கள் ரோகிணி. உங்கள் பிறந்தநாளன்று தனியாகப் பஸ் ஏறிப் போய், பிறந்து ஒரு வாரமான பிள்ளைக்கும் எனக்கும் அர்ச்சனை செய்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் பெயருக்கு ஒரு சீட்டு வாங்கவில்லை. நான் நாலு நாள் கழித்து, தொட்டில் துணி எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் போன் செய்தேன். பேச்சு நடுவில் ஞாபகம் வந்து "ஐயையோ" என்றேன். "அதனால என்ன, பச்சப்பிள்ளை இருக்கிற வீடு" என்றீர்கள். அதை அப்படியே நம்பிவிட்டு, திரும்பவும் தொட்டில் துணிக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வளவுத் தூணில் சாய்ந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் பில் ஆள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஒன்று சொல்லுங்கள். கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணிப் பிள்ளையார் நோன்பு என்பது நம் வீட்டில் எனக்கு மறந்ததுண்டா? காலண்டரே பார்க்காமல் சொல்வேன். நோன்புக்குப் புது வேட்டி நூல், ஆவாரம்பூ, மாவு, வெல்லம், எல்லாம் பத்து நாள் முன்பே தயார். அந்த எண்ணிக்கை தொடங்குகிற இடத்திலேயே உங்கள் நாள் இருக்கிறது. 37 வருடமாக அதைத் தாண்டித் தாண்டித்தான் எண்ணியிருக்கிறேன். நோன்பன்று சுடரோடு இழையை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் நீங்கள்தான் கொடுப்பீர்கள். கைக்குழந்தை இருந்தால் அதற்கும் சேர்த்துத் தாய் கையில் கொடுப்பீர்கள். எல்லாருக்கும் கொடுத்த பிறகு கடைசியாக நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். அப்போது பெரும்பாலும் நான் பலகாரத் தட்டோடு உள்ளே இருப்பேன்.

60 வந்தபோது ஊரையே கூட்டினோம். திருக்கடையூரில் சாந்தி, இரண்டு வேன், பட்டு, மாலை, வீடியோ. அதில் உங்களோடு பேசியவர்கள் எத்தனை பேர் என்று இப்போது யோசிக்கிறேன். எல்லாரும் காலில் விழுந்தார்கள், போட்டோவுக்கு நின்றார்கள், சாப்பிடப் போய்விட்டார்கள். அதோடு அந்தக் கடன் தீர்ந்தது என்று எல்லாருமே முடிவு செய்துவிட்டோம் போலிருக்கிறது. 61-க்கு ஒரு போன். 62-க்கு அதுவும் இல்லை.

ஆனால் போன் வராமலா இருக்கிறது? நாள் முழுக்க வருகிறது. "சித்தப்பா, எங்க உள்வீட்டுல கரையான் இருக்கான்னு பாருங்க." "அண்ணே, மொட்டை மாடியில ஓடு ஒழுகுதாம், ஆளை விட்டுப் பாருங்க." சின்னவன் ஆதார் நகல் கேட்பான். பெரியவள் கண்டாங்கிச் சேலை இரண்டு எடுத்து அனுப்பச் சொல்வாள், எந்த நிறம் என்று அரை மணி நேரம் வீடியோவில் காட்டச் சொல்வாள். ஐந்து புள்ளிக் குடும்பங்களுக்கும் சாவி உங்கள் இடுப்பில். அவர்கள் வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனால், பூட்டியதைத் திரும்ப இழுத்துப் பார்ப்பதும் நீங்கள்தான். போன மாசம் முகப்பில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்: "நம்மளை யாருங்க தேடுறா. சாவியைத்தான் தேடுறாக." பட்டாலை ஜன்னல் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. அந்தத் தேடுகிறவர்கள் பட்டியலில் என்னையும் சேர்த்துத்தான் சொன்னீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. சேர்த்திருந்தால் தப்பில்லை. "மூக்குக்கண்ணாடி எங்கே", "கேஸ் புக் பண்ணியாச்சா", "மருந்து வாங்கியாச்சா" இவற்றைத் தவிர உங்களிடம் நான் என்ன பேசினேன் இந்த வருடம்?

வைகாசியில் என் கண் ஆபரேஷன். முதல் வாரம் நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து, அடுத்த வாரம் ஐந்து, இப்படிக் குறைத்துக் குறைத்து ஆறு வாரம். உங்களுக்குக் கை லேசாக நடுங்கும். அதனால் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு சொட்டு விடுவீர்கள். விழுந்ததும்தான் மூச்சு வெளியே வரும். அந்த மூச்சு என் நெற்றியில் படும். கண்ணை மூடிப் படுத்திருந்ததால் நான் உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை, அந்தச் சூடு மட்டும்தான் ஞாபகம். நோட்டில் அதுவும் இருந்தது. தேதி வாரியாகக் கட்டம் போட்டு டிக் அடித்திருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன், 147. ஒன்றுகூட விடுபடவில்லை. உங்கள் பிறந்தநாளை நான் விட்ட அடுத்த ஆறாவது மாதம் இது.

இதையெல்லாம் மன்னிப்பு கேட்கிற தோரணையில் எழுத உட்கார்ந்தால், "ஏன் இப்ப இதெல்லாம்" என்று நீங்கள் என்னைச் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும். அந்த வேலையையும் இன்று உங்களுக்கு வைக்கப்போவதில்லை. மறந்தேன். பக்கத்திலேயே இருக்கிற ஆள்தானே என்று மறந்தேன். அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு நான் ஞாபகப்படுத்தவில்லை. அவர்களாகக் கூப்பிட்டால் சந்தோஷம். கூப்பிடாவிட்டால் அது அவர்கள் கணக்கு, நான் பின்னால் பேசிக்கொள்கிறேன். இது என் கணக்கு.

இன்றைக்கு நடக்கப் போவதைச் சொல்லிவிடுகிறேன். கவுனி அரிசி ராத்திரியே ஊறப் போட்டாயிற்று. சர்க்கரை டாக்டர் சொன்ன பேச்சு எனக்கும் ஞாபகம் இருக்கிறது, இருந்தாலும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டு இரண்டு கரண்டி உண்டு. மூன்றாவது கரண்டி கேட்டால் தரமாட்டேன், பிறந்தநாள் என்றாலும். அப்புறம் வெள்ளைப் பணியாரம், மிளகாய்த் துவையல். மிளகாயை நீங்கள் போனமுறை காரம் போதாது என்றதை வைத்து இரண்டு கூட்டியிருக்கிறேன்.

ஒன்பது மணி டவுன் பஸ்ஸில் காரைக்குடி, அங்கிருந்து பிள்ளையார்பட்டி. எனக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, உங்களுக்கு மட்டும்தான் செலவு, நோட்டில் குறைவாகத்தான் விழும். அர்ச்சனை ஒன்றே ஒன்று. ரோகிணி. பேரனுக்கும் எனக்கும் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். சாவிக்கொத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அரை நாளில் கரையான் வீட்டைத் தின்றுவிடாது.

இன்னொன்று. வருஷா வருஷம் பங்குனியில் கம்பன் விழாவுக்குக் கூப்பிடுவீர்கள். வருஷா வருஷம் எனக்கு ஏதாவது வேலை இருக்கும். 1939-இலிருந்து நடக்கிற விழா, இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட உங்கள் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. நீங்கள் திரும்பி வந்து, யார் என்ன பேசினார் என்று சொல்லும்போது நான் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டிருப்பேன். இந்தப் பங்குனி வருகிறேன். கடைசி நாள் நாட்டரசன்கோட்டைக்கும் சேர்த்து. எனக்கு அந்தப் பாட்டெல்லாம் பாதிக்கு மேல் புரியாது, பஸ்ஸில் வரும்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும். நடுவில் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம்.

உங்களை 'அவுக' என்று சொல்லியே பழகிவிட்டது. பெயரை எழுதிப் பார்க்கலாம் என்று மேலே ஒரு தடவை எழுதினேன், கை கூசியது, கிழித்துவிட்டு வேறு தாளில் 'என்னங்க' என்றே தொடங்கினேன். அந்தக் கிழித்த தாள் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. பார்க்கத் தோன்றினால் பாருங்கள்.

வள்ளி

பி.கு.: அகல்களைத் தேடாதீர்கள். விடியுமுன்பே எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வளவில் காய வைத்துவிட்டேன். எண்ணினேன், 63-தான் இருக்கிறது. ஒன்று முகப்புத் திண்ணைக்குப் பின்னால் எங்கேயோ உருண்டிருக்கிறது, அதை மட்டும் நீங்கள் கண்டுபிடித்துக் கொடுங்கள். என் கண்ணுக்கு அகப்படவில்லை.